வீட்டுச் சேதி வாசல் தாண்டினால்

குடும்ப ரகசியம் தெருவுக்குப் போய்விட்டது என்பது அந்தக் குடும்பத்துக்குத்தான் கடைசியில் தெரியவரும். அதையும் யாரும் நேராக வந்து சொல்வதில்லை. தண்ணீர் பிடிக்கும்போதோ கோயில் வாசலிலோ அக்கறையாக யாராவது ஒரு வார்த்தை விசாரிப்பார்கள். இவர்களுக்கு இது எப்படித் தெரியும் என்று நமக்கு உள்ளுக்குள் சுருக்கென்று தைக்கும். அடுத்த நொடியே சொந்தத்தில் ஒரு முகம் நினைவுக்கு வரும். பெரும்பாலும் அந்த ஊகம் சரியாகவே இருக்கும். ஆனாலும் அந்த நொடியில் எடுக்கும் முடிவு மட்டும் பெரும்பாலும் தப்பாகப் போகும்.

ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். இது ஒரே வீட்டின் கதை இல்லை, பல வீடுகளில் நடப்பதைச் சேர்த்துச் சொல்கிறேன். மதுரைக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூர். அப்பா, அம்மா, மகன், மருமகள். கல்யாணமாகி நாலு வருஷமாகியும் குழந்தை இல்லை, மதுரையில் சிகிச்சை எடுக்கிறார்கள். செலவுக்கு மருமகளின் வளையல்கள் அடகுக்குப் போயிருக்கின்றன. அப்பாவின் அக்கா அதே தெருவில் நாலு வீடு தள்ளி இருக்கிறார். கணவர் இல்லை, பிள்ளைகள் வெளியூரில். மத்தியானமானால் தம்பி வீட்டுக்கு வருவார், சாயங்காலம் பக்கத்து வீட்டுத் திண்ணையில் உட்காருவார்.

ஒருநாள் மூலை வீட்டு அம்மா மருமகளிடம் கேட்கிறார்: "ஏம்மா, ஆஸ்பத்திரியில ஊசி போட ஆரம்பிச்சுட்டாங்களாமே? வளையலக்கூட வச்சுட்டீங்களாம். எங்க நாத்தனா மகளுக்கும் இப்படித்தான் இருந்துச்சு, நான் ஒரு கோயில் சொல்றேன், போய்ட்டு வா." கேட்டவர் மனதில் துளி கெட்ட எண்ணம் இல்லை. ஆனால் மருமகள் குடத்தை அப்படியே வைத்துவிட்டு வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொள்கிறார்.

அன்று ராத்திரி அந்த வீட்டில் என்ன நடக்கும் என்பதை நீங்களே சொல்லிவிடுவீர்கள். மகன், "இப்பவே போய் அத்தைகிட்ட ரெண்டுல ஒண்ணு கேட்கிறேன்" என்று செருப்பை மாட்டுவார். அம்மா, "மதினி வாயைப் பத்தி நான் அன்னைக்கே சொன்னேன்" என்று முப்பது வருஷக் கணக்கைத் திறப்பார். அப்பா பேப்பரைப் புரட்டுவார். இந்த நாலு பேரில் பேச வேண்டியவர் அந்தப் பேப்பர் புரட்டுகிறவர்தான். ஏன் என்று பிறகு பார்ப்போம்.

மகன் அன்றைக்கே போனால் என்ன ஆகும்? அத்தை, "நான் சொல்லவே இல்ல, யாரு சொன்னா, கூட்டிட்டு வா" என்பார். மகன் ஆத்திரத்தில் மூலை வீட்டு அம்மாவின் பெயரைச் சொல்வார். அத்தை அந்த வீட்டு வாசலுக்குப் போய் நியாயம் கேட்பார். அதுவரை நாலு பேருக்குத் தெரிந்த சிகிச்சை விஷயம் அன்று சாயங்காலம் தெரு முழுக்கத் தெரிந்துவிடும். மருமகள் போனால் இன்னும் மோசம். வந்த மருமகள் வயசுக்கு மரியாதை இல்லாமல் பேசினாள் என்பதுதான் நிற்கும், அவள் எதற்காகப் பேசினாள் என்பது காணாமல் போகும். யாரும் பேசாமல் அத்தையோடு பேச்சையே நிறுத்திக்கொண்டால், திண்ணைக்கு ஒரு புதுச் சேதி கிடைத்துவிடும்: "தம்பி வீட்டுல என்னைய ஒதுக்கிட்டாங்க." ஒரு ரகசியத்தைக் காப்பாற்றப் போய் இரண்டாவதாக ஒன்றைத் தெருவுக்குத் தந்ததாகிவிடும்.

சண்டை வேண்டாம் என்பது வெறும் நல்ல மனசுக்காகச் சொல்வதில்லை. நம் குடும்பங்களில் அத்தைக்கு வேலைகள் இருக்கின்றன. பல சாதிகளில் தாலியின் மற்ற முடிச்சுகளைப் போடுவது மாப்பிள்ளையின் சகோதரிதான். இந்த அம்மாவின் கழுத்தில் நாத்தனார் முடிச்சு போட்டதே இந்த அத்தையாகத்தான் இருக்கும். நாளைக்கு வளைகாப்பு என்று வந்தால் அத்தையின் நாற்காலி காலியாகக் கிடக்கும், வந்தவர்கள் எல்லோரும் ஏன் என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்கான பதிலில் இந்தப் பழைய விஷயம் மறுபடி வெளியே வரும்.

சரி, என்ன செய்யலாம்? முதல் இரண்டு மூன்று நாள் எதுவும் செய்ய வேண்டாம், விசாரித்தால் போதும். விசாரிப்பது என்றால் தெருவில் போய்க் கேட்பது இல்லை. வீட்டுக்குள்ளேயே, யாரிடம் யார் என்ன சொன்னோம் என்று உட்கார்ந்து யோசிப்பதுதான். வெளியே போன சேதியில் என்னென்ன விவரம் இருக்கிறது என்று பாருங்கள். வளையல் அடகு வைத்தது மூன்று பேருக்குத்தான் தெரியும் என்றால், வெளியே வந்த வழியும் அந்த மூன்றுக்குள் இருக்கிறது. வாசலில் நின்று சத்தமாகப் பேசிய போன், கூடத்து மேஜையில் கிடந்த அடகு ரசீது, ஆஸ்பத்திரி ஃபைலைக் கையில் பிடித்தபடி ஏறிய ஆட்டோ என்று வழிகள் பல. ஆளுக்கொரு பொய்யான சேதியைச் சொல்லிவைத்து, எது வெளியே வருகிறது என்று பார்த்துப் பிடிக்கலாம் என்று சிலர் யோசனை சொல்வதுண்டு. எனக்கு அது அறவே பிடிக்காது. அந்தப் பொய்யும் ஊர் சுற்றி நம் வீட்டுக்கே திரும்பி வரும், நாம் போட்ட கண்ணி என்று தெரிந்தால் அத்தைக்குக் கோபப்பட நியாயமும் கிடைத்துவிடும்.

நம் கதையில் யோசித்துப் பார்த்தபோது ஒன்று வெளியே வந்தது. அத்தையிடம் சொன்னதே அம்மாதான். சொந்தக்காரர் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு மருமகள் வரவில்லை, ஏன் வரவில்லை என்று அத்தை குடைந்தார். சமாளிக்க முடியாமல் அம்மா, "ஊசி போட்டிருக்கு மதினி, அலையக் கூடாதுன்னுட்டாங்க" என்று ஆரம்பித்து வளையல் வரைக்கும் சொல்லிவிட்டார். இதை யாரிடமும் சொல்லாதீர்கள் என்று மட்டும் சொல்லவில்லை. சொல்லாமலே தெரியாதா என்று நினைத்தார்.

தெரியாது என்பதுதான் இந்தத் துறையில் வேலை செய்தவர்களின் முடிவு. அமெரிக்கத் தொடர்பியல் அறிஞர் சாண்ட்ரா பெட்ரோனியோ, மனிதர்கள் அந்தரங்கத்தை எப்படிக் கையாள்கிறார்கள் என்று பல ஆண்டுகள் ஆராய்ந்து 2002-ல் ஒரு நூல் எழுதினார். அவர் சொல்வதன் சாரம் இதுதான். ஒரு ரகசியத்தை ஒருவரிடம் சொன்னவுடன் அவரும் அதற்குப் பங்காளி ஆகிவிடுகிறார். யாரிடம் சொல்லலாம், எவ்வளவு சொல்லலாம், எப்போது சொல்லலாம் என்பதைப் பங்காளிகள் தங்களுக்குள் பேசி வைத்துக்கொள்ள வேண்டும். பேசி வைக்காதபோது ஒவ்வொருவரும் தன் கணக்குப்படி நடப்பார்கள். அம்மாவின் கணக்கில் அது ரகசியம். அத்தையின் கணக்கில் அது தம்பி வீட்டுக் கஷ்டம், நாலு பேரிடம் சொன்னால் ஏதாவது வழி கிடைக்கும்.

இந்த இடத்தில் அத்தை எப்படிப்பட்டவர் என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். அதற்கு ஒரு எளிய வழி உண்டு. தன் வீட்டு விஷயத்தையும் அவர் இப்படித்தான் சொல்கிறாரா? தன் மகனுக்கு வேலை போனதையும் தன் மருமகள் சமைப்பதில்லை என்பதையும் அதே திண்ணையில் சொல்கிறவர் என்றால், அவருக்கு வாய்தான் நிற்காது, மனசில் விஷம் இல்லை. மானுடவியலாளர் மேக்ஸ் குளக்மேன் 1963-ல் எழுதிய ஒரு கட்டுரையில், ஊர்வம்பு பேசும் உரிமை ஒரு கூட்டத்தில் உறுப்பினராக இருப்பதன் அடையாளம் என்றார். வெளியாளுக்கு அந்த உரிமை கிடையாது. தனியாக வாழும் ஒரு பெண்மணி திண்ணையில் தன் இடத்தைத் தக்கவைக்க ஏதாவது கொண்டு போயாக வேண்டும். அவர் கையில் இருக்கும் ஒரே சரக்கு நம் வீட்டுச் சேதி.

தன் வீட்டைப் பற்றி மூச்சு விடாமல் நம் வீட்டில் கெட்டதை மட்டும் எடுத்துப் போகிறார் என்றால் விஷயம் வேறு. அங்கே பழைய வருத்தம் ஒன்று இருக்கும். பெரும்பாலும் அது சீர் செய்ததில் வந்த குறையாக இருக்கும், அல்லது அப்பா வழிச் சொத்தில் தம்பிக்கு விட்டுக் கொடுத்துப் போட்ட கையெழுத்தாக இருக்கும். குடும்பச் சொத்தில் மகளுக்கும் சம பங்கு என்று மத்திய சட்டம் 2005-ல் திருத்தப்பட்ட பிறகு, அன்றைக்குப் போட்ட அந்தக் கையெழுத்தை நினைத்து மருகும் அக்காக்கள் நிறைய. அப்படி ஒன்று இருந்தால், ரகசியத்தைப் பற்றி எவ்வளவு பக்குவமாகப் பேசினாலும் பயன் குறைவு. பேச வேண்டிய விஷயம் அந்தக் கையெழுத்துதான்.

நம் அத்தை முதல் வகை. இவரிடம் அப்பா பேச வேண்டும். ரத்த உறவு பேசினால் மனஸ்தாபம் வந்தாலும் ஒட்டிக்கொள்ளும், கட்டிக்கொண்டு வந்தவர்கள் பேசினால் ஒட்டாது. இது எழுதாத சட்டம். நம் ஆண்கள் இந்த இடத்தில், "பொம்பளைங்க விஷயம்" என்று நழுவிவிடுகிறார்கள். எத்தனையோ வீடுகளில் நாத்தனார் சண்டை என்று பெயர் வாங்கியதெல்லாம், அண்ணனோ தம்பியோ பேச வேண்டிய நேரத்தில் பேசாமல் விட்டதால் வந்தவை.

அப்பா, அக்கா வீட்டுக்குத் தனியாகப் போக வேண்டும். அக்காவை இங்கே கூப்பிட்டால் அது விசாரணை மாதிரி ஆகிவிடும். திண்ணையில் உட்காரக் கூடாது, உள்ளே போய் உட்கார வேண்டும். போனில் வேண்டாம். வாட்ஸ்அப் குரல் பதிவு கூடவே கூடாது, அது இன்னொரு காதுக்குப் போக ஒரு தட்டு போதும். வீட்டில் விசேஷமோ திதியோ வைத்துக்கொண்டு அந்த வாரத்தில் பேச வேண்டாம். காபி குடித்து முடித்த பிறகு ஆரம்பிக்கலாம்.

சொன்னாயா என்று கேட்கவே கூடாது. கேட்டால் இல்லை என்றுதான் பதில் வரும். இல்லை என்று ஒருமுறை சொல்லிவிட்டால் பிறகு அதைக் காப்பாற்றுவதுதான் அவருக்கு வேலையாகிவிடும், நமக்குச் சாட்சி தேடுவது வேலையாகிவிடும். கேள்வியே இல்லாமல் நடந்ததைச் சொல்ல வேண்டும். ஏறக்குறைய இப்படி:

"அக்கா, ஒண்ணு சொல்லணும்னு வந்தேன். பிள்ளைங்க ஆஸ்பத்திரிக்குப் போறது தெருவுல பேச்சாயிடுச்சு. மருமகளைக் குழாயடியில விசாரிச்சிருக்காங்க. வந்து அழுதுட்டா. டாக்டர் மனசைப் போட்டு அலட்டிக்காம இருக்கச் சொல்லியிருக்கார். இது வெளிய போகக் கூடாதுன்னு நாங்க உங்கிட்ட முன்னாடியே சொல்லியிருக்கணும், சொல்லல. இனிமே இந்த விஷயம் நம்ம ரெண்டு வீட்டுக்குள்ளேயே இருக்கட்டும்க்கா."

இதில் 'நீ சொன்னாய்' என்ற வார்த்தையே இல்லை. ஆனால் அக்காவுக்குப் புரியாமல் போகாது. முன்பே சொல்லாதது எங்கள் தவறு என்பது வெறும் சமாதானத்துக்காக இல்லை, நம் கதையில் அது உண்மையும்கூட. "நம்ம ரெண்டு வீடு" என்ற சொல்தான் இதில் முக்கியம். ஒதுக்கிவிட்டார்களோ என்ற பயத்துக்கு அது பதில்.

அக்கா சும்மா இருக்க மாட்டார். "யாரு சொன்னா உனக்கு?" என்று முதலில் வரும். "யாரோ கேட்டாங்க, அது எதுக்குக்கா இப்ப? கேட்டவங்க நல்லதுக்குத்தான் கேட்டாங்க" என்று அங்கேயே நிறுத்திக்கொள்ள வேண்டும். எத்தனை முறை கேட்டாலும் பெயர் வெளியே வரக் கூடாது. அடுத்து அழுகை வரும்: "அப்ப நான் வேத்து மனுஷியா போயிட்டேனா?" இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். ஒன்று, அழுகையைப் பார்த்துச் சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்கிறார்கள். இல்லை, அடக்கி வைத்திருந்த பழைய கணக்கையெல்லாம் கொட்டுகிறார்கள். இரண்டும் வேண்டாம். "வேத்து மனுஷின்னா உங்கிட்ட எதுக்குக்கா வந்து சொல்றேன்" என்பதோடு விட்டுவிடலாம். கால் மணி நேரத்துக்கு மேல் இந்தப் பேச்சு நீளக் கூடாது. கிளம்பும் முன் வேறு ஏதாவது பேசிவிட்டுத்தான் எழுந்திருக்க வேண்டும்.

போகிற போக்கில் அக்காவுக்கு ஒரு வாக்கியத்தையும் கொடுத்துவிட்டு வர வேண்டும். திண்ணையில் மறுபடி கேட்பார்கள். சொல்லாதே என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தால், கேள்வி வரும் நேரத்தில் அவருக்குச் சொல்ல ஒன்றும் இருக்காது, பழையபடி வாய் திறந்துவிடும். "யாராவது கேட்டா, அவங்க பாத்துக்கிட்டிருக்காங்க, எனக்கு ஒண்ணும் முழுசாத் தெரியாதுன்னு சொல்லிடுக்கா" என்றால், பதில் சொன்ன மாதிரியும் ஆகும், சேதியும் நிற்கும்.

பக்கத்து வீட்டாரிடமும் இதே முறைதான். மருமகள், "அதெல்லாம் இல்லையே" என்று பொய் சொன்னால் சந்தேகம் வளரும். விளக்கம் சொன்னால் சேதி வளரும். "பாத்துக்கிட்டிருக்கோம்க்கா" என்று சொல்லிவிட்டு, "உங்க மகளுக்குப் பரீட்சை முடிஞ்சுதா?" என்று திருப்பிவிட வேண்டும். யார் சொன்னது என்று அவரிடம் கேட்க வேண்டாம். முக்கியமாக, "எங்க அத்தைக்கு வாய் நிக்காது" என்று அவரிடம் சொல்லவே கூடாது. அது அன்றைக்கே அத்தையின் காதுக்குப் போய்விடும், அப்பா பேசியது அத்தனையும் வீணாகும்.

இனிமேல் அத்தையிடம் எதைச் சொல்வது? ஒன்றுமே சொல்லாமல் இருப்பது நடக்காது, மத்தியானம் வருகிறவரிடம் முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் முடியாது. பிற வீடுகளில் பலன் தருவது இதுதான்: முடிந்த சேதியை அவருக்கு முதலில் சொல்வது, முடியாத சேதியைச் சொல்லாமல் இருப்பது. வரன் பேசிக்கொண்டிருக்கும்போது வேண்டாம், பூ வைத்த அன்றைக்குத் தெருவில் யாருக்கும் முன்பு அத்தைக்குப் போன் போக வேண்டும். மனை பேசும்போது வேண்டாம், பத்திரம் பதிந்த அன்றைக்கு இனிப்போடு போக வேண்டும். எங்களுக்குத்தான் முதலில் சொன்னார்கள் என்ற பெருமை அவருக்குக் கிடைக்கிறது, திண்ணைக்குக் கொண்டுபோகவும் நல்ல சேதியாக ஒன்று கிடைக்கிறது. அது வெளியே போனாலும் நமக்கு நஷ்டம் இல்லை. ஊடே எதையாவது சொல்லியே ஆக வேண்டிய நிலை வந்தால், சொல்லும் முன்பே, "இது நம்மோடு இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுச் சொல்ல வேண்டும். சொல்லி முடித்த பிறகு போடும் நிபந்தனைக்கு மதிப்புக் குறைவு.

இதற்குப் பிறகும் மறுபடி சேதி போனால்? இரண்டாம் முறை உட்கார்ந்து பேசுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. முதல் தடவை புரிந்தது, இருந்தும் முடியவில்லை என்பதுதான் அதற்கு அர்த்தம். கோபப்படாமல் சேதியை மட்டும் நிறுத்திவிட வேண்டியதுதான். காபி உண்டு, மத்தியானப் பேச்சு உண்டு, விசேஷத்துக்கு முதல் பத்திரிகை உண்டு. ஆஸ்பத்திரி ஃபைல் மட்டும் பீரோவுக்குள் போய்விடும்.

சட்டத்துக்குப் போகலாமா என்று கேட்கிறவர்கள் உண்டு. உண்மையைச் சொன்னாலும் அவதூறாகலாம் என்பது நம் நாட்டுக் குற்றவியல் சட்டத்தில் இருக்கும் ஒரு நிலை. சொன்னது உண்மை என்பதோடு, பொதுநன்மைக்காகச் சொன்னது என்றும் காட்டினால்தான் அந்த விதிவிலக்கு பொருந்தும். பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-வது பிரிவு அது. ஆனால் வளையல் அடகுக்காக அத்தைமேல் வழக்குப் போடும் குடும்பம், நீதிமன்ற வராந்தாவில் இன்னும் நூறு பேருக்கு அதைச் சொல்லப் போகிறது. ஒரு விஷயத்தில் மட்டும் மென்மை கூடாது. ஒருவருக்கு எச்.ஐ.வி. இருப்பது நம்பிக்கையின் பேரில் சொல்லப்பட்டிருந்தால், அவர் சம்மதம் இல்லாமல் அதை வெளியிடுவதை 2017-ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. தடுப்புச் சட்டம் தடை செய்கிறது. சொந்தக்காரர் என்பதால் விலக்கு கிடையாது. இதை அவரிடம் முகத்துக்கு நேராகவே சொல்லிவிடலாம்.

கடைசியாக, நேர் எதிரான ஒரு நிலைமையையும் சொல்ல வேண்டும். வீட்டு ரகசியம் என்று நாம் மூடி வைப்பதெல்லாம் மூடி வைக்க வேண்டியதல்ல. மருமகளை மகன் அடிக்கிறான், பெண் குழந்தையிடம் வீட்டு ஆள் ஒருவன் தப்பாக நடக்கிறான் என்பதை அத்தை பக்கத்து வீட்டில் சொன்னால், அங்கே வாய் நிற்காத அத்தை குற்றவாளி இல்லை. அந்த வீட்டில் வாய் திறந்த ஒரே ஆள் அவர்தான். அப்போது அத்தையிடம் பேசப் போகாதீர்கள். பெண்களுக்கான உதவி எண் 181-க்கோ, குழந்தை என்றால் 1098-க்கோ போன் செய்யுங்கள்.